வேப்பிலைக்குள் இருக்கும் மஞ்சள்

திண்டுக்கல் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் ஆத்தூர் காமராஜர் அணைக்கரை, அதையொட்டிய தென்னந்தோப்பு, சிறுமலைக்கு ஏறும் சாலை என்று பழகிய இடங்கள் அடிக்கடி கண்ணில் படும். மணமக்கள் அழகாகத்தான் இருப்பார்கள். பின்னால் நிற்கும் இலைகள்தான் கண்ணைக் குத்தும். உள்ளே விளக்கு வைத்து எரியவிட்டது போன்ற பச்சை. மேற்கே மலைகள் தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்ள, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி நிற்கும் இந்தச் சமவெளியில் அப்படியொரு பச்சை எந்த மாதத்திலும் கிடையாது. வேம்பும் புளியும் முருங்கையும் செம்மண் புழுதி படிந்து, கொஞ்சம் சாம்பல் கலந்த பச்சையில் நிற்பதுதான் இந்த ஊரின் நிறம்.

கேமரா பொய் சொல்லிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தவறு நடப்பது படம் எடுத்த பிறகுதான். முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒரு பிரீசெட் போடுகிறோம், அதன்மேல் சாச்சுரேஷனை ஏற்றுகிறோம், கான்ட்ராஸ்ட்டையும் கூட்டுகிறோம். இந்த மூன்றும் சேர்ந்து படத்திலுள்ள எல்லா நிறத்தையும் தூக்குகின்றன. முகமும் பட்டும் தாங்கிக்கொள்கின்றன, இலை தாங்குவதில்லை. பிறகு சாச்சுரேஷனை மொத்தமாகக் குறைத்தால் இலை அடங்கும், கூடவே பட்டுச் சேலையும் செத்துப்போகும். பச்சையை மட்டும் தனியாகத் தொட HSL பேனல் உதவுவது இங்கேதான்.

லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த பேனல்தான். கம்ப்யூட்டரில் Color Mixer என்ற பெயரில் இருக்கிறது; கைபேசியில் Color பகுதிக்குள் Mix என்பதைத் தொட்டால் வரும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலப்பச்சை, நீலம், ஊதா, மெஜந்தா என்று எட்டு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்லைடர்கள்: நிறத்தைப் பக்கத்து நிறத்தை நோக்கி நகர்த்தும் ஹியூ, நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷன், வெளிச்சத்தை மாற்றும் லூமினன்ஸ்.

பேனலைத் திறந்ததும் எல்லோருடைய கையும் பச்சை ஸ்லைடருக்குத்தான் போகும். அதை இடது கடைசிவரை இழுத்தாலும் இலை அவ்வளவாக அடங்காது. காரணம், வெயிலில் நிற்கும் இலையின் நிறத்தில் பெரும்பகுதி இந்தப் பேனலின் கணக்கில் மஞ்சளைச் சேர்ந்தது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சுகிறது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் முழுவதையும் உறிஞ்சுவதில்லை. இலை திருப்பி அனுப்பும் ஒளி 550 நானோமீட்டரை ஒட்டி, மஞ்சளைத் தொட்ட பச்சையாக இருக்கிறது. கேமராவின் சிவப்பு வடிகட்டியும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அதனால் கோப்பில் பதியும் இலையில் சிவப்பு எண் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். லைட்ரூம் கிளாசிக்கில் இலையின்மேல் மவுஸை நிறுத்தினால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே மூன்று எண்கள் சதவீதத்தில் வரும். நேர்வெயில் இறங்கிய பிறகு நிற்கும் வேப்பிலையில் அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
R 38   G 47   B 20
```

பிரீசெட்டும் சாச்சுரேஷனும் ஏறிய இலையில் இப்படி:

```
R 27   G 78   B 8
```

முதல் இலையில் சிவப்பு, பச்சையின் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குதான். நீலம் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. கண்ணைக் குத்தும் பச்சை என்பதன் பொருள் இதுதான். பச்சை கூடியது மட்டுமல்ல, அதற்குத் துணை நின்ற சிவப்பும் நீலமும் வடிந்துவிட்டன. நரம்பும் மடிப்பும் தெரியாமல் இலை ஒரே பட்டையாகிப் போவதும் இதனால்தான். இலையின் நுணுக்கத்தைச் சுமந்திருந்த எண்கள் பூஜ்யத்தை ஒட்டிப் போய்விட்டால் அங்கே வேறுபாடு காட்ட எதுவும் மிச்சமில்லை.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் இது மலைமேல் எடுத்ததல்ல, அடிவாரத்து வாழைத்தோப்பு. காலை நேரம். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், பக்கத்தில் சின்னாளபட்டி சுங்குடிச் சேலையில் அவர் மனைவி. சேலை கிளிப்பச்சை, கழுத்தில் தங்கச் சங்கிலி. தலைக்கு மேலே வாழையிலைகள் வெயிலில் ஒளிர்கின்றன, பின்வரிசை நிழலில் இருக்கிறது.

முதலில் தொட வேண்டியது HSL அல்ல, வேட்டி. வாழையிலைக்குக் கீழே நிற்பவர்மேல் இலை வழியாக வடிகட்டிய ஒளி விழுவதால் வேட்டியின் மடிப்புகளில் இளம்பச்சை ஏறியிருக்கும். வெள்ளையில் நிறத்தின் அழுத்தம் மிகக் குறைவு, அதனால் HSL ஸ்லைடர்கள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. டின்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் 8 அளவு நகர்த்தினால் வேட்டி வெளுக்கிறது, முகத்திலிருந்த நோயாளிக் களையும் போகிறது. முழுதாகத் துடைத்துவிடக் கூடாது. தோப்புக்குள் நிற்கிறார் என்பதைச் சொல்ல அந்தப் பச்சை நிழல் கொஞ்சம் வேண்டும். பிறகு புரொஃபைல் Adobe Vivid என்றிருந்தால் Adobe Color ஆக்கி, ஏற்றிவைத்த வைப்ரன்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது பேனல். மஞ்சள் சாச்சுரேஷன் -28. இந்த ஓர் அசைவில் மேலே ஒளிரும் இலைகள் அடங்கி நரம்பு தெரிகிறது. மஞ்சள் லூமினன்ஸ் -8. அடுத்து பச்சை. பின்வரிசை நிழல் இலைகள் நீலம் கலந்த பிளாஸ்டிக் பச்சையாக இருந்தன, அதனால் பச்சை ஹியூ -12, மஞ்சள் பக்கம். பச்சை சாச்சுரேஷன் -18. மஞ்சளின் ஹியூவைத் தொடவே இல்லை. அதையும் வலப்பக்கம் பச்சையை நோக்கித் தள்ளினால் இரண்டும் நடுவில் வந்து சேர்ந்துவிடும். இளங்குருத்து, முற்றிய இலை, காய்ந்து தொங்கும் சருகின் ஓரம் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். இலைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையில் எனக்கு முக்கியம். ஒரே மரத்தில் வேப்பங்கொழுந்து செம்பு நிறத்திலும் முற்றிய இலை கரும்பச்சையிலும் இருக்கிறது. படத்தில் அந்த இரண்டும் பிரிந்து தெரியவில்லை என்றால் எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் படம் தவறுதான்.

சிக்கல் அடுத்துத் தெரிகிறது. மஞ்சளைக் குறைத்ததில் தங்கச் சங்கிலி பித்தளையாகிவிட்டது. முகத்தில் வெயில் பட்ட கன்னமும் வெளிறுகிறது. கிளிப்பச்சைச் சேலை பழையதாகிவிட்டது. HSL பேனலுக்கு இலை தெரியாது, சேலை தெரியாது. நிறம் மட்டும்தான் தெரியும். 2023 அக்டோபரில் லைட்ரூமுக்கு வந்த Point Color இங்கே கைகொடுக்கிறது. மனிதர்களைத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க்கைப் போட்டு அதைத் தலைகீழாக்கினால் மனிதர்களைத் தவிர மற்றது எல்லாம் தேர்வாகும். அதற்குள் Point Color-ல் ஒளிரும் இலையை ஒரு முறை, நிழல் இலையை ஒரு முறை தொட்டு, மேலே சொன்ன மாற்றங்களை அங்கே செய்யலாம். பொதுப் பேனலில் போட்ட எண்களை அழித்துவிட வேண்டும். தலைமுடியின் ஓரத்தையும் கைகளுக்கிடையே இலை தெரியும் இடுக்குகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மாஸ்க் தவறவிடுவது அங்கேதான், அங்கே மட்டும் பழைய பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாஸ்க் வசதி இல்லாதவர்கள் மஞ்சளை -15 அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இலை கொஞ்சம் மிஞ்சியே நிற்கும். தாலிக்கொடி வெளுப்பதைவிட அது மேல்.

எல்லாப் பளீர்ப் பச்சையும் தவறு என்றும் நினைத்துவிடக் கூடாது. சூரியனுக்கு எதிரே கேமராவை வைத்து வாழையிலையை எடுத்தால், ஒளி இலையைத் துளைத்து வருகிறது. அப்போது நீலம் உண்மையிலேயே வடிந்துதான் இருக்கும், சிவப்பு பச்சையை நெருங்கி நிற்கும். அந்தப் பொன்பச்சை நிஜம். அதை அடக்கினால் வெயிலையே அணைத்ததாகிவிடும். இதற்கு மாறாக, இலையின் மேற்புறத்து மினுமினுப்பு வானத்தின் பிரதிபலிப்பு. அது வெண்மையாகவோ மெல்லிய நீலமாகவோ இருக்க வேண்டும். அந்த மினுக்கிலும் பச்சை ஏறியிருந்தால் நிறம் மிஞ்சிவிட்டது என்று உடனே சொல்லிவிடலாம். தென்னை ஓலையில் இதைப் பார்ப்பது சுலபம்.

நெல் விவசாயிகளிடம் இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை பட்டைகள் போட்ட அட்டை அது. நெல்லின் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, தழைச்சத்து போதவில்லை என்றால் யூரியா போடுவார்கள். பார்க்கும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் உடம்பின் நிழலில் இலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நேர்வெயில் பட்டால் நிறம் ஏமாற்றிவிடும். படம் எடுப்பவர்களும் இதையே செய்யலாம். தோப்பில் வேலை முடிந்ததும் ஓர் இலையை உடம்பு நிழலில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து எந்தப் பச்சை உண்மை என்று நினைவை நம்பித் தடுமாற வேண்டியதில்லை.

பயிரின் படம் என்றால் இன்னும் கவனம் தேவை. பச்சை ஹியூவை இடது கடைசிவரை தள்ளி இலைகளைப் பழுப்பாக்கும் பிரீசெட்டுகள் கல்யாணப் படங்களில் நிறையப் புழங்குகின்றன. அந்த நிறத்தில் நிற்கும் வாழையை எங்கள் பக்கத்து விவசாயி பார்த்தால் வாடல் நோய் வந்த தோட்டம் என்றுதான் சொல்வார். நியான் பச்சையிலிருந்து தப்பிக்கப் போய் நோய்ப் பயிரைக் காட்டுவது திருத்தம் ஆகாது. பச்சை ஹியூ -25-ஐத் தாண்டும்போது நான் நின்று, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். லூமினன்ஸையும் இதேபோல அளவோடுதான் குறைக்க வேண்டும். மிஞ்சினால் வானத்தை ஒட்டிய ஓலை நுனிகளில் வெள்ளைக் கோடும், நிழலில் புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் வந்துவிடும். ஜேபெக் கோப்பில் இது சீக்கிரம் தெரியும், ரா கோப்பு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

ஆல்பம் அச்சுக்குப் போகும் படமென்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கைபேசித் திரை காட்டும் கூர்மையான பச்சைகளில் பலவற்றை அச்சு மையால் கொண்டுவர முடியாது. அவை தாளில் மந்தமான ஒரே பட்டையாக விழுந்து, இலையின் உருவமே போய்விடும். லேபுக்கு அனுப்புவதற்கு முன் சாஃப்ட் புரூஃபிங்கைப் போட்டு, லேப் கொடுத்த புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் எந்த இலைகள் எல்லையைத் தாண்டி நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். அந்த இலைகளுக்கு மட்டும் மஞ்சள் சாச்சுரேஷனை இன்னும் 5 குறைத்தால் போதும்.