கடைசிப் படம் முடிவது எங்கே?

யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இரண்டிலும் ஒரு வீடியோ ஓடி முடிந்ததும் நிற்பதில்லை. பார்ப்பவர் விரலால் தள்ளாதவரை முதலிலிருந்து மறுபடி ஓடும். 2013இல் வந்த வைன் ஆப்பின் 6 விநாடி வீடியோக்களும் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஏழெட்டுப் படங்களை வரிசையாக அடுக்கி இசை சேர்த்து வெளியிடுகிறவர்களில் பலர், கடைசியில் ‘நன்றி, மீண்டும் சந்திப்போம்’ என்று ஒரு படத்தைச் செருகி, அதையும் மெல்ல இருட்டாக்கிவிடுகிறார்கள். முடிந்துவிட்டது என்று நாமே சொன்னபிறகு யார் இருப்பார்கள்? விரல் தள்ளிவிடும்.

இட்லி மாவு பற்றி எட்டுப் படங்களில் ஒரு ஷார்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சமையல் குறிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அளவு தவறிப்போனவர் உண்மையாகவே திரும்பப் பார்க்க விரும்புவார். அவருக்காகத்தான் இந்த வேலை. விஷயத்தை ஒளித்துவைத்து இரண்டு தடவை பார்க்கவைக்கும் தந்திர வீடியோக்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

முதல் படத்தில், பொங்கி விளிம்பைத் தொட்டு நிற்கும் மாவு. இரண்டாவதில் அளவுகள்: நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். அடுத்து ஊறவைப்பது, உளுந்து அரைப்பது, அரிசி அரைப்பது, உப்புப் போட்டுக் கையால் கலப்பது. ஏழாவதில் பாதிப் பாத்திரம் மாவு. வழக்கமாக எட்டாவது படம் ஆவி பறக்கும் இட்லித் தட்டாக இருக்கும். அதை வைத்தால் கதை முடிந்துபோகும். அதற்குப் பதிலாக, அதே பாத்திரம், அதே மேடை, அதே கோணம், மூடியின் மேல் ஒரு கை. மூடியைத் திறந்தால் என்ன தெரியுமோ அதுவே முதல் படம்.

பேச்சும் இதே மாதிரி அமைய வேண்டும். கடைசிப் படத்தின் மேல் ஒலிக்கும் வரி: “எட்டு மணி நேரம் கழிச்சு மூடியைத் திறந்தா...” முதல் படத்தின் வரி: “மாவு இப்படிப் பொங்கி நிக்கணும்.” முதன்முறை வருபவருக்கு இந்த இரண்டாவது வரி தனியாகவே நல்ல தொடக்கம். இரண்டாம் சுற்றில் அதுவே பாதியில் நின்ற வாக்கியத்தின் மீதி. தமிழில் நிபந்தனை முன்னால் வந்து வினை கடைசியில் வருவதால் இது சுலபம். ‘திறந்தா’, ‘வேணும்னா’, ‘போட்டதும்’ என்று நிறுத்திவிட்டால் காது மீதியைத் தேடும். எழுதும்போது முதல் வரியை முதலில் எழுதிவிட்டு, அதற்கு முன்னால் என்ன சேர்த்தால் பொருந்தும் என்று யோசித்துக் கடைசி வரியைப் பிடிப்பது நல்லது. தலைகீழாகச் செய்தால் முதல் வரி அந்தரத்தில் தொங்கும், புதிதாக வருபவருக்கு ஒன்றும் புரியாது.

இனி படங்கள் மாறும் விதம். மற்ற ஏழு இடங்களில் எப்படி மாறுகிறதோ, எட்டிலிருந்து ஒன்றுக்கும் அப்படியே மாற வேண்டும். எல்லாமே சட்டென்று மாறுபவையாக இருந்தால் கவலையே இல்லை. ஒன்றில் ஒன்று கரைந்து மாறும்படி வைத்தால்தான் சிக்கல். ஏழு இடங்களில் மெதுவாகக் கரைந்துவிட்டு, எட்டாவது இடத்தில் மட்டும் வெடுக்கென்று குதிக்கும். கடைசிப் படத்துக்குப் பிறகு டைம்லைனில் எதுவும் இல்லாததால் அங்கே எந்த ஆப்பும் கரைப்பு போட முடியாது.

எடிட்டர்கள் இதற்கு ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள். முதல் படத்தை இரண்டாக வெட்டி, வெட்டிய முன்பகுதியை எடுத்து வீடியோவின் கடைசியில் ஒட்டிவிடுவது. இப்போது எட்டிலிருந்து ஒன்றுக்கு மாறும் இடம் வீடியோவுக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே தாராளமாகக் கரைப்பு போடலாம். வீடியோ முடிவதும் தொடங்குவதும் ஒரே படத்தின் நடுவில் என்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சரிபாதியாக வெட்ட வேண்டியதில்லை. 3 விநாடிப் படமென்றால் முக்கால் விநாடியைக் கடைசியில் ஒட்டினால் போதும்: அரை விநாடி கரைய, கால் விநாடி அசையாமல் நிற்க. பேச்சு ‘திறந்தா’ என்று எட்டாவது படத்திலேயே முடிந்துவிடட்டும். அந்த முக்கால் விநாடி மூச்சு வாங்கும் இடைவெளியாக அமைந்துவிடும். ஒரு எச்சரிக்கை: படம் மெதுவாகப் பெரிதாகும்படி வைத்திருந்தால், அந்த அசைவோடு வீடியோவாகச் சேமித்தபிறகே வெட்டுங்கள். முன்பே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அசைவு புதிதாக ஆரம்பித்துப் படம் துள்ளும்.

இசையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நிமிடத்துக்கு 96 தட்டுகள் ஓடும் இசை என்றால் நாலு தட்டுக்கு 2.5 விநாடி. படத்துக்கு 2.5 விநாடி வைத்தால் எட்டுப் படங்களுக்கு 20 விநாடி. தாளம் முழுச் சுற்றாக முடிந்து, அடுத்த சுற்று சரியான தட்டில் தொடங்கும். ஆனால் கரைப்பு போட்டால் பல ஆப்களில் இரு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நேரத்தைத் தின்னும். அரை விநாடி வீதம் ஏழு கரைப்புகள் 3.5 விநாடியை விழுங்கிவிட, வீடியோ 16.5 விநாடியில் நின்று தாளம் நடுவில் முறியும். படத்துக்கு 3 விநாடி வைத்து, மேலே சொன்னபடி எட்டாவது கரைப்பையும் சேர்த்தால் 24இல் 4 போக மறுபடி 20 வந்துவிடும்.

பாட்டின் ஆரம்பத்தை எடுக்காதீர்கள். மெல்லத் தொடங்கி ஏறும் இசை, ஒவ்வொரு சுற்றிலும் ‘மறுபடி முதலிலிருந்து’ என்று காட்டிக்கொடுக்கும். தாளம் ஒரே சீராக ஓடும் நடுப்பகுதியிலிருந்து 20 விநாடி எடுங்கள். சில ஆப்கள் கேட்காமலே கடைசியில் ஒலியைக் குறைக்கும், அதை அணைத்துவிடுங்கள். நீண்டு இழையும் வயலின், புல்லாங்குழல் ஸ்வரத்தின் நடுவில் வெட்டு விழக் கூடாது. வீடியோ திரும்பத் தொடங்கும்போது போன் ஒரு நொடித்துளி தயங்கலாம். அந்தத் தயக்கம் தட்டுக்கும் தட்டுக்கும் இடையே விழுந்தால் தெரியாது, இழையும் ஸ்வரத்தில் விழுந்தால் பளிச்சென்று தெரியும். இதை எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்ய வழியில்லை.

சோதிக்க, முடித்த வீடியோவின் இரண்டு பிரதிகளை டைம்லைனில் அடுத்தடுத்து வைத்து 20ஆவது விநாடியைப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கண் மன்னிப்பதைக் காது மன்னிக்காது. அதன்பின் பிரைவேட்டாக ஏற்றி, போனிலேயே நாலைந்து சுற்று ஓடவிடுங்கள். வெளியிட்டபின் யூடியூப் ஸ்டூடியோவில், எந்த விநாடிவரை எத்தனை பேர் இருந்தார்கள் என்று காட்டும் கோடு உண்டு. கடைசி இரண்டு விநாடியில் அது செங்குத்தாகச் சரிந்தால் இணைப்பு வெளியே தெரிகிறது என்று பொருள்.

இதனால் பணம் கொட்டும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஒவ்வொரு முறை ஓடத் தொடங்குவதையும் மறுபடி ஓடுவதையும் ‘வியூ’ என்றே கணக்கிடுகிறது. எண்ணிக்கை ஏறும். வருமானத்துக்கு மட்டும் பழைய முறையில் கணக்கிடப்படும் வேறொரு எண்ணைத்தான் பார்க்கிறது.

சேனலைத் தொடரச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும் என்றால், கை மாவைக் கலக்கும் ஆறாவது படத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதுங்கள். அளவுகள் இருக்கும் இரண்டாவது படத்தில் மட்டும் வேண்டாம். ‘உளுந்து எவ்வளவு சொன்னாங்க?’ என்று மறுசுற்றுக்குக் காத்திருப்பவர் தேடுவது அதைத்தான்.