"வேலை முடிந்தது" என்றால் என்ன?

புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், கடைக்கு இணையத்தளம் அமைக்கும் வேலையைத் தனியாகத் தொழில் செய்யும் ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தார். பேசிய தொகை 150,000 ரூபா, அரைவாசி முற்பணம். இரண்டு மாதத்தில் "வேலை முடிந்தது, மீதியைத் தாருங்கள்" என்றார் இளைஞர். "சிங்களப் பக்கம் எங்கே? ஓடர் படிவத்தை நிரப்பினால் ஒன்றும் வந்து சேரவில்லையே" என்றார் நண்பர். இருவரும் பொய் சொல்லவில்லை. எது முடிந்த வேலை என்று எவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பின்னர் இருவரும் அமர்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு வேலை விபர உடன்படிக்கை எழுதினார்கள். மும்மொழியிலும் ஐந்து பக்கங்கள், 80 துணி வகைகளின் படமும் விலையும், ஓர் ஓடர் படிவம். வங்கி அட்டை மூலம் பணம் பெறும் வசதி இதில் இல்லை என்பதும் எழுதப்பட்டது. இல்லாததை எழுதுவதுதான் பின்னாளைய வாக்குவாதத்தை அதிகம் குறைக்கிறது. படங்களையும் மொழிபெயர்ப்பையும் தருவது கடைக்காரர் பொறுப்பு. அவர் பிந்தும் நாட்கள் அளவுக்கு முடிவுத் திகதியும் தள்ளிப்போகும். தளத்தின் பெயர் கடைக்காரர் பெயரிலேயே பதிவாக வேண்டும்.

திருத்தம் இரண்டு சுற்று. ஒரு சுற்று என்பது எல்லாக் குறைகளும் அடங்கிய ஒரே பட்டியல். இரவில் ஒன்று, காலையில் ஒன்று என்று தொலைபேசியில் சொல்வதல்ல. நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்! ஒப்புக்கொண்டது வேலை செய்யாவிட்டால் அது பிழை, இலவசமாகவே திருத்த வேண்டும். புதிதாகக் கேட்பதற்கு வேறு விலை.

பணம் நான்கு கட்டம்: ஆரம்பத்தில் 45,000, வடிவமைப்பை ஏற்றதும் 45,000, பரீட்சையில் தேறியதும் 45,000, தளம் 30 நாள் ஒழுங்காக இயங்கிய பின் 15,000. ஏற்கெனவே கொடுத்த 75,000 முதலிரு கட்டங்களில் கழிக்கப்பட்டது.

பரீட்சைகள் யாவும் கடைக்காரரே செய்யக்கூடியவை. சாதாரணக் கையடக்கத் தொலைபேசியில் மூன்று மொழிகளும் எழுத்துச் சிதையாமல் தெரிய வேண்டும். பத்து ஓடர்கள் அனுப்பினால் பத்தும் கடையின் மின்னஞ்சலுக்கு வர வேண்டும். குப்பை அஞ்சலுக்குள் விழுந்தால் தேறவில்லை. தொலைபேசி இலக்கம் இல்லாத ஓடரைப் படிவம் ஏற்கக்கூடாது. கடைப் பையன் எவர் உதவியுமின்றி ஒரு துணியின் விலையை மாற்றிக் காட்ட வேண்டும். கடவுச்சொற்கள் யாவும் கைமாற வேண்டும்.

இளைஞரும் ஒரு நிபந்தனை சேர்த்தார். தளத்தைக் கையளித்து ஏழு நாட்களுக்குள் கடைக்காரர் குறைகளை எழுத்தில் தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நியாயமானதுதான், பெருநாள் வியாபாரம் முடியட்டும் என்று இழுத்தடிக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்களே.

பரீட்சையன்று பத்து ஓடரில் ஏழுதான் வந்தது. மூன்று குப்பை அஞ்சலில் கிடந்தன. இளைஞர் மறுபேச்சின்றித் திருத்தினார், மறுநாள் பத்தும் வந்தன. அன்று மாலையே மூன்றாம் கட்டப் பணம் வங்கியில் வைப்பிலிடப்பட்டது.