ஒரு பவுனில் எவ்வளவு கரைகிறது?

பெண்ணுக்கு எட்டு வயதாகிறது. கல்யாணத்துக்கோ படிப்புக்கோ ஆகட்டும் என்று வருடத்துக்கு ஒரு பவுன் சேர்க்க நினைக்கிறார்கள் பெற்றோர். நகையா, தங்கப் பத்திரமா, தங்க ஃபண்டா? விலை ஏறுமா இறங்குமா என்பது மூன்றுக்கும் பொது. வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் விற்கும்போதும் எவ்வளவு கழிகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

கணக்குக்காக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பவுன் 80,000. சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 12 சதவீதம் என்றால் 9,600. மொத்தத்துக்கும் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688. கையிலிருந்து போவது 92,288 ரூபாய். அதே சங்கிலியை மறுநாள் விற்கப் போனால் தங்கத்தின் விலை மட்டும்தான் பேச்சு. சேதாரமும் வரியும் திரும்பாது; கல் பதித்திருந்தால் அதன் எடையையும் கழிப்பார்கள். போட்ட பணத்தில் 13 சதவீதம் முதல் நாளே போய்விட்டது. கிராம் 11,536 ரூபாயைத் தொட்டால்தான் முதலே திரும்பும். நகைச்சீட்டில் சேதாரம் இல்லை என்பார்கள். எத்தனை சதவீதம் வரை, எந்த நகைகளுக்கு என்பதைச் சீட்டு அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

காசாக வாங்கினால் சேதாரம் குறையும், ஜி.எஸ்.டி. குறையாது. வங்கியில் வாங்கிய காசை வங்கி திரும்ப வாங்காது என்பது பலருக்கும் விற்கப் போகும்போதுதான் தெரிகிறது.

தங்க ஈ.டி.எஃப். வேறு மாதிரி. உங்கள் பணத்துக்கு ஈடாக ஃபண்ட் நிறுவனம் கட்டித் தங்கம் வாங்கிப் பெட்டகத்தில் வைக்கிறது. உங்கள் டீமேட் கணக்கில் யூனிட் ஏறுகிறது. சேதாரம் கிடையாது. ஆனால் செலவு என்று வருடா வருடம் கொஞ்சம் கழிப்பார்கள். 0.6 சதவீதம் என்று வைத்தால் பத்து வருடத்தில் கரைவது ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. நகை முதல் நாளே தின்ற 13 சதவீதத்தை ஃபண்ட் தின்ன ஏறக்குறைய 24 வருடம் பிடிக்கும்! டீமேட் இல்லாதவர்களுக்கு, ஈ.டி.எஃப்.பில் முதலீடு செய்யும் தங்க ஃபண்ட் உண்டு. மாதம் சிறு தொகை எஸ்.ஐ.பி.யாகவும் போடலாம். அங்கே இரண்டு அடுக்குச் செலவு என்பதால் டைரக்ட் பிளானாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஈ.டி.எஃப். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: தங்கத்துக்குக் கூட்டம் கூடுகிற நாட்களில் சந்தை விலை, யூனிட்டின் உண்மை மதிப்பைத் தாண்டி நிற்கும். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் iNAV என்ற எண் ஓடும். அதோடு ஒப்பிட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

இனி அரசுத் தங்கப் பத்திரம். 2015 நவம்பரில் வந்த முதல் வெளியீட்டில் கிராம் 2,684 ரூபாய். எட்டு வருடம் கழித்து, 2023 நவம்பரில் 6,132 ரூபாயாகத் திரும்பியது. இடையில் ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டி தனி. வட்டிக்கு வரி உண்டு. விலை ஏறிய லாபத்துக்கு இல்லை. சேதாரமும் இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. இதற்கு ஈடான தங்கச் சேமிப்பு நம் நாட்டில் வந்ததில்லை என்பேன். விலை ஏற ஏற அரசுக்குத்தான் சுமை கூடியது. 2024 பிப்ரவரியோடு புது வெளியீடு நின்றது.

இப்போது வேண்டுமென்றால் பங்குச் சந்தையில் பிறர் விற்பதைத்தான் வாங்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வட்டி, வெளியீட்டு விலைக்குத்தான். நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல. கடைசி வெளியீட்டின் விலை 6,263 ரூபாய், 2.5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு சுமார் 157 ரூபாய். அதை 12,000 கொடுத்து வாங்கியவருக்குக் கிடைப்பது 1.3 சதவீதம்தான். போதாததற்கு, 2026 பட்ஜெட் அறிவிப்பின்படி, வெளியீட்டிலேயே வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்த லாப வரிவிலக்கு. ஆகவே பத்திரம் ஏற்கெனவே கையில் இருந்தால் முதிரும்வரை தொடாதீர்கள். புதிதாகச் சேர்ப்பவருக்கு என் ஓட்டு ஃபண்டுக்குத்தான். நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. அது நகையை விற்றாலும் உண்டு.

ஒன்றில் மட்டும் நகையை எதுவும் மிஞ்சவில்லை. அவசரத்துக்கு அடகு வைக்க வளையலைக் கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் பணம் கையில் வரும். தங்க ஃபண்ட் யூனிட்டுகள்மேல் கடன் கொடுக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லை. அவற்றை விற்கத்தான் வேண்டும். பெண் போட்டுக்கொள்ளப் போகிற இரண்டு மூன்று பவுனை மட்டும், HUID எண்ணைப் பார்த்து நகையாக வாங்கிவிட்டு, மிச்சத்தை ஃபண்டில் வைக்கலாம்.