காதால் படிக்கும் சிங்களம்



நமது பாடசாலைகளில் பிள்ளைகள் சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறார்கள். புத்தகம் வாசிக்கிற பிள்ளைகூட கடையிலே சிங்களப் பேச்சைக் கேட்டுத் தடுமாறுவதை நாம் பார்க்கிறோம். தமிழ்க் காதுக்கு ஒன்றாகப் படும் சில ஒலிகள் சிங்களத்தில் வேறு வேறு என்பது இதற்கு ஒரு காரணம்.

சிங்களத்தில் மரமும் மஞ்சளும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கஹ'தான். மரத்துக்கு 'தங்கம்' என்பதில் வரும் கனத்த 'க'. மஞ்சளுக்கு 'கடை'யில் வரும் 'க'. ஆகவே தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்க வேண்டாம்.

லயத்து வாசலில் விளையாடலாம். மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மஞ்சள் துண்டு வையுங்கள். சிங்களம் நன்றாய் வரும் அக்காவோ அண்ணனோ வாயை மறைத்துக்கொண்டு சொல்லட்டும். பிள்ளை ஓடிப்போய் மரத்தையோ மஞ்சளையோ தொடணும். வரிசையாய் இல்லாமல் கலந்து சொல்லணும். 10 தடவையில் 9 சரியென்றால் காது பிடித்துவிட்டது. 5, 6 என்றால் குருட்டாம்போக்குதான். பிறகு பிள்ளை சொல்ல, பெரியவர் தொடலாம்.

எண்களைக் கைதட்டிப் பாடுவதும் நல்லது. ஆனால் பத்து வரை பாடுகிற பிள்ளையிடம் 7 கொழுந்தைக் காட்டிக் கேட்டால், ஒன்றிலிருந்து பாடித்தான் பதில் வரும். பாட்டுத்தான் பாடம், எண் பாடமில்லை. எனவே பாட்டை நடுவில் நிறுத்தி, கொழுந்தைக் காட்டிக் கேளுங்கள். பாடாமல் பதில் வந்தால், எண்ணும் பாடமாகிவிட்டது.