பம்ப் அடித்தும் ஏன் மூச்சு முட்டுகிறது?

எனது வாப்பாவுக்கு 72 வயது. முப்பது வருடங்களுக்கு மேல் பீடியும் சிகரட்டும் புகைத்தவர். விட்டு ஒன்பது வருடங்களாகிவிட்டன. ஆனால் நெஞ்சு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிளினிக் கொப்பியில் சீ.ஓ.பீ.டி. என்று எழுதியிருக்கிறார்கள். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்பது அதன் தமிழ். எங்கள் ஊரில் இதற்கும் ஆஸ்துமாவுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: முட்டு.

இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்துமாவில் சுருங்கிய சுவாசக் குழாய்கள் மருந்துக்குப் பெரும்பாலும் விரிந்து கொடுக்கும். வாப்பாவின் நோயில் குழாய்களும் அவற்றின் முனையிலுள்ள காற்றுப் பைகளும் நிரந்தரமாகப் பழுதடைந்திருக்கின்றன. மருந்து கொஞ்சம் இடைவெளியைத் திறந்து தருமே தவிர, பழுதைத் திருத்தாது. புகைத்தவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்றும் எண்ண வேண்டாம். புகை போக வழியில்லாத குசினியில் பல வருடங்கள் விறகடுப்பு ஊதிய உம்மாமாருக்கும் இது வருகிறது.

வாப்பாவுக்கு இரண்டு கருவிகள் தந்திருந்தார்கள். ஒன்று, அமுக்கினால் புகை போல மருந்து சீறும் பம்ப். மற்றது, கெப்சூல் போட்டுத் துளைத்து, உள்ளிருக்கும் பவுடரை வாயால் இழுக்கும் கருவி. இரண்டையும் ஒழுங்காகப் பாவித்தார். ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனாலும் பள்ளிவாசலுக்கு நடந்து போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்றுதான் போவார். "மகள், இந்த மருந்து எனக்குப் பிடிக்குதில்ல. கூடின மருந்து தரச் சொல்லு" என்பார்.

அடுத்த கிளினிக்கில் நான் அதைச் சொன்னேன். வைத்தியர் மருந்தைக் கூட்டவில்லை. பக்கத்து அறையிலிருந்த தாதியிடம் அனுப்பினார். அவர் ஒன்றும் விளக்கவில்லை. "வீட்டில செய்ற மாதிரியே இப்ப செஞ்சு காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

வாப்பா பம்பை வாயில் வைத்து அமுக்கினார். அமுக்கிய பிறகுதான் மூச்சை இழுத்தார், அதுவும் சடாரென்று. வெள்ளைப் புகை வாயோரத்தால் வெளியே வந்தது. பிறகு பவுடர் கருவியை எடுத்து, சுடு தேநீர் உறிஞ்சுவது போல மெல்ல இழுத்தார். கருவியைத் திறந்தபோது கெப்சூலுக்குள் பாதிப் பவுடர் அப்படியே இருந்தது.

நான் ஆசிரியர் கலாசாலையில் படித்த முதல் பாடங்களில் ஒன்று, பிள்ளையிடம் "விளங்கிச்சா?" என்று கேட்காதே, செய்து காட்டச் சொல் என்பது. எல்லாப் பிள்ளையும் விளங்கியது என்றுதான் சொல்லும். இருபது வருடமாக வகுப்பில் அதைக் கடைப்பிடிக்கும் நான், வாப்பாவிடம் ஒரு நாளும் அப்படிக் கேட்கவில்லை. "மருந்தடிச்சீங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

அன்று தாதி கற்றுத் தந்ததன் சாரம் இதுதான்: பம்புக்கு மெதுவான மூச்சு, பவுடருக்கு வேகமான மூச்சு. வாப்பா இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறார்.

காரணம் எளிது. பம்பிலிருந்து மருந்து தானாகவே மிக வேகமாக வருகிறது. நாமும் வேகமாக இழுத்தால் அது தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பவுடருக்குத் தானாக வரும் சக்தி கிடையாது. நமது மூச்சின் வேகம்தான் அதைக் கிளப்பி, தூளாக்கி, உள்ளே கொண்டு போகவேண்டும்.

பம்ப் அடிக்கும் முறையைச் சொல்கிறேன். நிமிர்ந்து இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். முதலில் மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள், நெஞ்சு காற்றால் நிறைந்திருந்தால் மருந்து போக இடமேது? பிறகு பம்பின் வாயைப் பற்களுக்கிடையில் வைத்து, உதடுகளால் இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அமுக்க வேண்டும். இழுப்பதை நிறுத்தாமல் நான்கைந்து செக்கன் தொடர வேண்டும். பிறகு பத்து வரை எண்ணி மூச்சை அடக்க வேண்டும். முடியாதவர்கள் முடிந்த மட்டும் அடக்கினால் போதும். இரண்டாவது தடவை அடிக்க வேண்டுமென்றால் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடியும் குலுக்கி அடிக்க வேண்டும்.

அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடப்பது வயதானவர்களுக்குக் கஷ்டம். வாப்பாவுக்கும் வரவில்லை. அவருக்கு ஸ்பேசர் எனப்படும் பிளாஸ்டிக் குடுவையை வாங்கச் சொன்னார்கள். பம்பை அதன் ஒரு முனையில் பொருத்தி ஒரு தடவை அமுக்கினால் மருந்து குடுவைக்குள் நிற்கும். மறுமுனையால் சாதாரணமாக ஐந்து மூச்சு எடுத்தால் போதும். இரண்டு தடவையை ஒன்றாக அமுக்கி நிரப்பக்கூடாது, மருந்து சுவரில் ஒட்டி வீணாகும். கழுவும்போது சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துக் காற்றில் காய விட வேண்டும். துணியால் உள்ளே துடைத்தால் அதில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

பவுடர் கருவிக்குக் குலுக்கல் வேண்டாம். மூச்சைக் கருவிக்குள் ஊதவும் கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டியாகும். முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட்டுவிட்டு, பிறகு ஒரே இழுவையாக வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். முடிந்ததும் திறந்து பார்த்து, பவுடர் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுக்க வேண்டும். அந்தக் கெப்சூலை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள் என்று தாதி சொன்னார். விழுங்கினால் பலனில்லை. கருவி எதுவானாலும் அதிலுள்ளது ஸ்டீரொய்ட் மருந்து என்றால், அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் பூக்கும்.

பம்ப் பழகினால் விடமுடியாது, குளிசைதான் நல்லது என்று நம்மில் பலர் சொல்வார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். சல்பியுட்டமோல் பம்ப் ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம் தருகிறது. அதே மருந்தின் 4 மில்லிகிராம் குளிசை ஒன்று அப்படி நாற்பது தடவைக்குச் சமம். குளிசை உடம்பு முழுவதும் சுற்றி, கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் தந்துவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது.

இன்னொரு விடயம், பம்ப் முடிந்ததை எப்படி அறிவது? மருந்து தீர்ந்த பிறகும் உள்ளிருக்கும் வாயு சீறிக்கொண்டே இருக்கும். ஒரு பம்பில் பொதுவாக 200 தடவை மருந்து இருக்கும். தினமும் நான்கு தடவை அடிப்பவருக்கு ஐம்பது நாள். திறந்த திகதியைப் பம்பிலேயே எழுதி வைக்கிறோம்.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. மூச்சு முட்டும்போது சுற்றியிருப்பவர்கள் "நல்லா மூச்செடுங்க, நல்லா எடுங்க" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நோயாளிக்குப் பிரச்சினை காற்று உள்ளே போவதல்ல, வெளியே வருவதுதான். பழுதடைந்த குழாய்கள் மூச்சு விடும்போது மடிந்து மூடிக்கொள்ள, பழைய காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. அதன் மேல் இன்னும் இழுத்தால் நெஞ்சு ஊதிப்போய் முட்டுக் கூடும்.

ஆகவே வெளியே விடத்தான் கற்க வேண்டும். வாயை மூடி, மூக்கால் இரண்டு எண்ணும் வரை மூச்செடுக்க வேண்டும். பிறகு விசிலடிப்பது போல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். ஊதித் தள்ளக்கூடாது, எதிரே மெழுகுதிரி இருந்தால் சுடர் சாய வேண்டும், அணையக்கூடாது. குவிந்த உதடு தரும் சிறு எதிர்ப்பு உள்ளே குழாய்களைத் திறந்து வைத்திருக்கிறது. கதிரையில் இருந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டால் இன்னும் இலகு. இதைச் சுகமாக இருக்கும் நாளில்தான் பழக வேண்டும், முட்டு வந்த பிறகு யாருக்கும் பாடம் ஏறாது.

இதில் வாப்பாவுக்கு அதிகம் உதவியது, சிரமமான அசைவைச் செய்யும்போது மூச்சை வெளியே விடுவது. குனிந்து வுழூச் செய்கையில் கால் கழுவும்போதும், ஸுஜூதிலிருந்து எழும்பும்போதும் அவர் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். இப்போது குனியும்போது விடுகிறார், எழும்பும்போது விடுகிறார். கால் கழுவுவதற்கு ஒரு சிறு பலகைக் கதிரையும் போட்டோம்.

இனி, நாங்கள் பெரிய விலை கொடுத்துக் கற்ற பகுதி. சென்ற மாரி மழையில் வாப்பாவுக்குத் தடிமன் பிடித்தது. "தடிமன்தானே" என்று நான்கு நாள் விட்டோம். ஐந்தாம் நாள் சுபஹுக்கு எழும்பவில்லை. அரைத் தூக்கத்தில் ஏதோ உளறினார், உதடு நீலம் பாய்ந்திருந்தது. 1990 இலக்க அம்பியுலன்சில் கொண்டு போனோம். ஒன்பது நாள் வார்டில் இருந்தார்.

திரும்பி யோசித்தால் அறிகுறிகள் இரண்டாம் நாளே இருந்தன. மூன்று மாற்றங்களைப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் பிறகு விளக்கினார்: மூச்சு முட்டு வழக்கத்தை விடக் கூடியிருக்கிறதா, சளி கூடியிருக்கிறதா, சளியின் நிறம் மஞ்சளாக அல்லது பச்சையாக மாறியிருக்கிறதா. முக்கியமான சொல் "வழக்கம்". இந்த நோயாளிக்கு எப்போதும் கொஞ்சம் முட்டும் சளியும் இருக்கும். சுகமான நாளில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் கூடியது தெரியும். வாப்பாவின் வழக்கம் இது: பள்ளிக்குப் போகையில் ஒரு இடத்தில் நிற்பார், காலையில் கொஞ்சம் வெள்ளைச் சளி வரும், ஒரு தலையணையில் உறங்குவார். ஒரு காகிதத்தில் இதை எழுதி, குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

அதன் கீழே இரண்டு பகுதி. மூன்றில் ஏதாவது மாறினால், அல்லது அவசர பம்ப் வழக்கத்தை விட அடிக்கடி தேவைப்பட்டால், அன்றே வைத்தியரிடம் போவது, கிளினிக் நாள் வரும் வரை காத்திருப்பதில்லை. அலுமாரியில் கிடக்கும் பழைய என்டிபயோட்டிக் மிச்சத்தைக் கொடுப்பதுமில்லை. ஒரு வசனத்தைப் பேசி முடிக்க முடியாவிட்டால், உதடு நீலமானால், அசாதாரணத் தூக்கமோ குழப்பமோ வந்தால், யாரிடமும் கேட்காமல் 1990. அந்தத் தூக்கத்தைக் களைப்பென்று நினைத்து உறங்க விட்டோமே, அது இரத்தத்தில் கரியமில வாயு தேங்கியதன் அடையாளம்.

நோன்பு பற்றியும் கேட்பார்கள். தினமும் இரண்டு வேளை அடிக்கும் மருந்தை ஸஹரிலும் நோன்பு திறந்த பிறகும் அடிக்கலாமா என்று வைத்தியரிடம் ரமழானுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பகலில் பம்ப் தேவைப்படுபவரின் நோன்பு பற்றி உலமாக்களிடம் கேளுங்கள், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. முட்டோடு பம்பை ஒளித்து வைத்துக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் வாப்பா சளியைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டார். "மகள், வந்து பாரு. நேத்து வெள்ள, இன்றைக்கு மஞ்சள்." முட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கு வைத்தியரிடம் இருந்தோம். அவர் நெஞ்சைச் சோதித்து, ஐந்து நாளுக்கு மருந்து எழுதினார். வார்டில் நிற்க வேண்டி வரவில்லை. துண்டை என்னிடம் தருமுன், வாப்பாவைப் பார்த்துப் பம்பை அடித்துக் காட்டச் சொன்னார். வாப்பா ஸ்பேசரைப் பையிலிருந்து எடுத்துப் பொருத்தினார். குலுக்க மறந்துவிட்டார். வைத்தியர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அரைவாசியில் அவரே நிறுத்தி, குலுக்கிவிட்டு, மறுபடியும் தொடங்கினார்.