நேத்து ஓடிய எபிசோடே இன்னிக்கும்… சேனலுக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் வருமா?

இரவு 8.30. சாப்பாட்டுத் தட்டோடு அம்மா டிவி முன்னால் உட்கார்கிறார். டைட்டில் பாடல் முடிகிறது. முதல் காட்சியிலேயே சந்தேகம்: ‘இது நேத்தே வந்துடுச்சே!’ மறுநாள் அதே நேரத்தில் டிவியைப் போட்டால் வேறு தொடர் ஓடுகிறது. பழைய தொடர் 9 மணிக்குப் போய்விட்டதாகக் கீழே ஒரு வரி ஓடி மறைகிறது. ஆபீஸிலிருந்து திரும்பும் மகளிடம் அம்மா கேட்பது ஒன்றுதான்: ‘இவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடேன்!’

இப்படி எழுதப்படும் கடிதம் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி பார்ப்போம்.

‘மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நாங்கள் குடும்பத்தோடு பார்க்கும் 8.30 மணித் தொடரில் 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பழைய எபிசோடையே திரும்பப் போட்டீர்கள். ஆனால் 412 என்று எண் போட்டிருந்தது. செல்போன் ஆப்பில் பார்த்தால் 409 என்று இருக்கிறது. எது ரிப்பீட்? புதன்கிழமை முதல் நேரத்தை ஏன் மாற்றினீர்கள்?’

கேள்வி நியாயமானது. ஆனால் இந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பித் தேடினால் சேனல்காரர்களுக்கே தலை சுற்றும்.

412ஆ, 409ஆ?

ஒரே எபிசோடுக்கு இரண்டு எண் இருப்பது தவறு இல்லை. தொடரில் அவ்வப்போது ஒரு மணி நேர ஸ்பெஷல் வரும். கல்யாணம், வளைகாப்பு, இரண்டு சீரியல் குடும்பங்கள் சேரும் மகா சங்கமம் என்று ஏதாவது ஒரு சாக்கு. டிவி கணக்கில் அதை இரண்டு எபிசோடாக எண்ணிவிட்டு, ஆப்பில் ஒரே வீடியோவாக ஏற்றினால் அன்றிலிருந்து எண் ஒன்று தள்ளிப் போகும். இந்தத் தொடரில் இதுவரை மூன்று ஸ்பெஷல் வந்திருந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது: டிவியில் 412, ஆப்பில் 409. தயாரிப்பு நிறுவனம் படப்பிடிப்பு வரிசைப்படி மூன்றாவதாக ஓர் எண்ணும் வைத்திருக்கலாம்.

அதனால் எண்ணைவிடத் தேதியும் நேரமும்தான் உதவும். அதோடு ஒரு காட்சியைச் சொன்னால் இன்னும் நல்லது. ‘மாமியார் நகைப் பெட்டியைத் திறக்கும் காட்சி திங்கள் இரவு 8.35க்கும் வந்தது, செவ்வாய் இரவு 8.35க்கும் வந்தது’ என்று எழுதினால் யாரும் குழப்ப முடியாது.

சேனல் எங்கே தேடும்?

சேனலில் இதற்கு இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்று, என்ன ஓட வேண்டும் என்ற திட்டம். இந்திய சேனல்களில் இதை எஃப்.பி.சி. என்பார்கள், அதாவது ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட். எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி, எது புதுசு, எது மறு ஒளிபரப்பு என்ற வாராந்திர அட்டவணை அது. இன்னொன்று, உண்மையில் என்ன ஓடியது என்ற பதிவு. இதற்குப் பெயர் ஆஸ்-ரன் லாக். ஒளிபரப்புக் கணினி தானே எழுதும் டைரி என்று வைத்துக்கொள்ளலாம். எந்த ஃபைல், எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை நொடிக்குத் தொடங்கியது, எப்போது விளம்பரம் வந்தது என எல்லாம் அதில் இருக்கும்.

நம் கடிதத்துக்கு விடை, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைத்துவிடும். 14ஆம் தேதிக்கான லாகில் 411ஆம் எபிசோடின் ஃபைல் ஓடியதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் திரும்ப வந்தது 411, திங்கள் ஓடியதேதான். திரையில் 412 என்று வந்தது, கிராஃபிக்ஸ் தனி லேயராக ஓடியதால். எண் அட்டை அன்றைய திட்டப்படி வந்துவிட்டது, உள்ளே இருந்த படம் மட்டும் பழையது.

அடுத்துத்தான் முக்கியமான இடம். அன்றைய எஃப்.பி.சி.யில் என்ன இருக்கிறது? அதிலும் கடைசி நேரத்தில் ‘411 மறு ஒளிபரப்பு’ என்று திருத்தியிருந்தால், அது தெரிந்தே செய்தது. திட்டத்தில் 412 என்று இருந்து, லாகில் மட்டும் 411 என்று இருந்தால், அது கைத்தவறு. பிளேலிஸ்ட் போடுபவர் தவறான ஃபைலை இழுத்து வைத்துவிட்டார்.

வீட்டிலிருந்தே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். கைத்தவறு என்றால் பெரும்பாலும் பாதியிலேயே யாராவது கவனித்துவிடுவார்கள். எபிசோடு நடுவில் வெட்டுப்பட்டு, புதுசு தொடங்கும், அல்லது ஏதாவது பாட்டு ஓடும். அன்றிரவே ஆப்பில் சரியான 412 ஏறியிருக்கும், ஏனென்றால் எபிசோடு கைவசம் இருக்கிறது. வேண்டுமென்றே போட்ட ரிப்பீட் என்றால் ஆப்பிலும் அன்று புதுசு எதுவும் இருக்காது.

எபிசோடு ஏன் தீர்ந்துபோகிறது?

தெரிந்தே ரிப்பீட் போடுவதற்குப் பெரிய காரணம் ‘பேங்க்’ காலியாவது. ஒளிபரப்புக்குத் தயாராக முன்கூட்டியே கைவசம் இருக்கும் எபிசோடுகளைத்தான் சீரியல்காரர்கள் பேங்க் என்கிறார்கள்.

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம் கதை தேவை. வாரத்தில் ஆறு நாள் ஓடும் தொடருக்கு ஒவ்வொரு வாரமும் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமான, எடிட் முடிந்த காட்சிகள் வேண்டும். ஏறக்குறைய ஒரு சினிமா நீளம், வாரா வாரம்! ஷூட்டிங் முடிந்ததும் எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை, தரப் பரிசோதனை எல்லாம் தாண்டித்தான் ஃபைல் சேனலுக்கு வரும். பேங்கில் நான்கு எபிசோடு இருக்கும்போது கதாநாயகிக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தால், மற்றவர்களை வைத்து இரண்டு நாள் ஓட்டலாம். அதற்கு மேல் கஷ்டம்.

இதற்கும் முன் அறிகுறி உண்டு. ‘முன்கதை’ வழக்கத்தைவிட நீளும். கதாநாயகி ஜன்னலோரம் நின்று பழையதை நினைத்துப் பார்ப்பார், அந்த ஃபிளாஷ்பேக் மட்டுமே நாலு நிமிடம் போகும். ஒரே அதிர்ச்சியை எல்லா முகத்திலும் மூன்று முறை காட்டுவார்கள். இப்படி இரண்டு மூன்று நாள் நடந்தால் ரிப்பீட் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இது மொத்தத் துறைக்கும் ஒரே நேரத்தில் நடந்ததை 2020இல் பார்த்தோம். கொரோனாவால் மார்ச் 19 முதல் தமிழ் சினிமா, சீரியல் படப்பிடிப்புகள் நின்றன. கைவசம் இருந்தது தீர்ந்ததும் சேனல்கள் பழைய தொடர்களைத் தூசி தட்டின. தூர்தர்ஷனும் மார்ச் 28 முதல் 1987இல் தொடங்கிய ‘ராமாயண்’ தொடரை மறு ஒளிபரப்பு செய்தது. அப்போது யாரும் ‘ஏன்?’ என்று கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

பார்வையாளருக்காகவே போட்ட ரிப்பீட்டும் உண்டு. பிரிட்டனின் பிபிசியில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதல் எபிசோடு 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள் அது. ஊரே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தது, சில பகுதிகளில் மின்வெட்டு வேறு. பலர் பார்க்கவில்லை என்று புரிந்ததும், அடுத்த சனிக்கிழமை முதல் எபிசோடையே திரும்பப் போட்டுவிட்டு, உடனே இரண்டாவதைத் தொடர்ந்தார்கள். முதல் முறை பார்த்தவர்கள் 44 லட்சம், ரிப்பீட்டைப் பார்த்தவர்கள் 60 லட்சம்.

நேரம் மாறியது வேறு கதை

கடிதத்தில் ரிப்பீட்டும் நேர மாற்றமும் ஒரே கோபத்தில் சேர்ந்து வந்திருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. எபிசோடு தீர்ந்துபோனதால் ஒருநாள் ரிப்பீட் வரலாம், அதற்காக ஸ்லாட்டை மாற்ற மாட்டார்கள். ஸ்லாட் மாறினால் பெரும்பாலும் காரணம் ரேட்டிங்.

‘பார்க்’ அமைப்பின் ரேட்டிங் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். போட்டி சேனலின் 8.30 மணித் தொடர் தொடர்ந்து முந்தினால், சேனல் தன் புதுத் தொடரையோ பலமான தொடரையோ அங்கே நிறுத்தும். பழையதை 9 மணிக்கோ மதியத்துக்கோ தள்ளும். மதியத்துக்குத் தள்ளினால் கொஞ்சம் கவலைப்படலாம்: பல தொடர்கள் அங்கே போய்த்தான் ‘சுபம்’ போடுகின்றன. இந்தக் காரணத்தை எந்தச் சேனலும் பதில் கடிதத்தில் எழுதாது. ‘நேயர்களின் வேண்டுகோளுக்கு இணங்க’ என்றுதான் வரும்.

சட்டம் துணைக்கு வருமா?

இந்த விஷயத்தில் வராது. 2021இல் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி, புகார் வந்த 24 மணி நேரத்தில் சேனல் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இதெல்லாம் நிகழ்ச்சி விதிகளையும் விளம்பர விதிகளையும் மீறிய உள்ளடக்கத்துக்குத்தான். ஆபாசம், மத வெறுப்பு, பொய் விளம்பரம் போன்றவை. ஒரு எபிசோடைத் திரும்பப் போடுவதும், நேரத்தை மாற்றுவதும் விதிமீறல் ஆகாது. அறிவித்த நேரத்தில் அறிவித்த எபிசோடைத்தான் போட வேண்டும் என்று இந்த விதிகளில் எதுவும் இல்லை.

ஆக, இது சட்டப்படி புகார் இல்லை, விசாரிப்பு. விசாரிப்பாகவே எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். இன்னொன்று, சேனல்கள் ஒளிபரப்பிய எல்லாவற்றையும் 90 நாள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பது அரசின் ஒளிபரப்பு வழிகாட்டு நெறி. அதற்குள் எழுதினால் ‘பார்க்க முடியவில்லை’ என்று சொல்ல இடமில்லை.

அம்மாவுக்காக மகள் திருத்தி எழுதினால் இப்படி இருக்கும்:

‘வணக்கம். 13, 14 ஆகிய இரு தேதிகளிலும் இரவு 8.30க்கு ஒரே எபிசோடு வந்தது. நகைப் பெட்டிக் காட்சி இரு நாளும் 8.35க்கு வந்தது. திரையில் 14ஆம் தேதி 412 என்று இருந்தது. ஒன்று: 412 ஒளிபரப்பானதா, இல்லையென்றால் எந்தத் தேதியில் வரும்? இரண்டு: 9 மணி என்பது நிரந்தர நேரமா, தற்காலிகமா? மூன்று: என் அம்மாவுக்கு ஆப் பார்க்கத் தெரியாது. மறுநாள் காலையில் மறு ஒளிபரப்பு உண்டா, எத்தனை மணிக்கு?’

‘ஏன்’ என்ற கேள்வி இதில் இல்லை. அதற்கு உண்மையான பதில் வருவது அபூர்வம். மற்ற மூன்றுக்கும் நிகழ்ச்சிப் பிரிவில் இருக்கும் ஒருவர் எஃப்.பி.சி.யைத் திறந்து பார்த்து ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.