புள்ளியும் காற்புள்ளியும்

ஜெர்மன் இயந்திரக் கையேட்டைக் கணினி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தால், வாக்கியங்கள் பெரும்பாலும் சரளமாகவே இருக்கும். திருத்துபவரை ஏமாற்றுவதே அந்தச் சரளம்தான். அதனால் மூலத்தைப் பக்கத்தில் வைத்து, முதலில் எண்களை மட்டும் ஒப்பிடுவது நல்லது. ஜெர்மனில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 1.500 சுற்று என்றால் ஆயிரத்து ஐந்நூறு. அது அப்படியே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டால் ஒன்றரைச் சுற்றாகிவிடும். 2,500 மில்லிமீட்டர் இடைவெளியோ இரண்டரை மீட்டராகிவிடும். அட்டவணைகளில் இது அதிகம் நேரும். அங்கே இயந்திரத்துக்குத் துணைநிற்க வாக்கியம் கிடையாது.

அடுத்து எதிர்மறைகள். 'டார்ஃப் நிஷ்ட்' என்றால் செய்யவே கூடாது. 'முஸ் நிஷ்ட்' என்றால் செய்யத் தேவையில்லை. இரண்டாவது, ஆங்கிலத்தின் 'மஸ்ட் நாட்' போலவே ஒலிப்பதால் தடையாக மாறிவிடலாம். "வடிகட்டியை மாற்றும்போது பம்பை நிறுத்தத் தேவையில்லை" என்ற சலுகை, "நிறுத்தக் கூடாது" என்ற கட்டளையாகிவிடும். இலக்கண மென்பொருள் இதைப் பிடிக்காது, வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லையே! மூலத்தில் 'நிஷ்ட்' வரும் இடங்களையெல்லாம் தேடி, ஒவ்வொன்றாகப் படித்தே ஆக வேண்டும்.